சாட்டில் முடங்கிய புகார்: குறைதீர் அதிகாரி முதல் நுகர்வோர் ஆணையம் வரை... எந்தப் படியில் என்ன வேணும்?

"உங்கள் புகார் உரிய குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. 24 முதல் 48 மணி நேரம் காத்திருக்கவும்."

ஆன்லைனில் பொருள் வாங்கி ஏமாந்த பலருக்கும் இந்த வரி மனப்பாடம். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி சாட்டுக்குப் போனா வேற ஒருத்தர் வருவார். கதையை முதல்ல இருந்து சொல்லணும். அவரும் அதே வரியை அனுப்புவார். இப்படியே பத்து நாள் போனதும், "ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது" என்று பதில் வரும்.

இதுக்கு மேல என்ன செய்யலாம்? நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி, 1915 தேசிய நுகர்வோர் உதவி மையம், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் என்று அடுத்தடுத்து படிகள் இருக்கு. இதில் ஒன்றைப் புரிஞ்சுக்கணும். கீழ்ப்படியில் நீங்க வாங்கி வைக்கும் ஆதாரம்தான் மேல்படிக்கான நுழைவுச்சீட்டு. சாட்டில் எதையும் சேமிக்காம நேரா ஆணையத்துக்குப் போனா, கையில் கோபம் மட்டும்தான் இருக்கும்.

ராமநாதபுரம் கடற்கரைக்குப் பொருந்தும் ஒரு உதாரணத்தை வைத்து ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

ஒரு உதாரணம்: வேலை செய்யாத ஜிபிஎஸ் கருவி

பாம்பனில் ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒரு மீனவர், ஆன்லைன் தளம் ஒன்றில் ரூ.16,800 கொடுத்து கையடக்க ஜிபிஎஸ் கருவி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் இருப்பது டெல்லியில். தளத்தின் தலைமையகம் பெங்களூருவில்.

இந்தக் கடல் பகுதியில் ஜிபிஎஸ் என்பது ஆடம்பரம் இல்லை. 1974-ல் இந்தியா, இலங்கை இடையே போடப்பட்ட ஒப்பந்தத்தில் பாக் நீரிணையில் வகுக்கப்பட்ட எல்லைக்கோடு, தண்ணீர் மேல கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் தாண்டினால் இலங்கைக் கடற்படை கைது செய்யும், படகையும் பிடித்து வைக்கும்.

ஜூன் 16-ம் தேதி கருவி வருது. ஆன் ஆகுது, ஆனா செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்கவே இல்லை. ரிட்டர்ன் காலம் 7 நாள். 17-ம் தேதி சாட்டில் புகார் செய்கிறார். 20-ம் தேதி வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். யாரும் வரவில்லை. ஆனால் ஆப்பில் "வாடிக்கையாளர் இல்லை" என்று பதிவாகிறது. 24-ம் தேதி கேட்டால், ரிட்டர்ன் காலம் முடிஞ்சு போச்சு என்கிறார்கள்.

இனி அவர் என்ன செய்யணும்?

படி 1: சாட்டில் பேசுவது புகார் ஆகணும்

சாட் என்பது அரட்டை மாதிரி தெரியலாம். ஆனால் பின்னாடி வழக்கு என்று வந்தால் அதுதான் முதல் ஆவணம். அதை ஆவணமா மாத்துறது டிக்கெட் நம்பர். 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகளின்படி, பல விற்பனையாளர்களை வைத்து நடத்தும் ஆன்லைன் தளங்கள் ஒவ்வொரு புகாருக்கும் ஒரு டிக்கெட் நம்பர் தரணும். புகார் எந்த நிலையில் இருக்கு என்று அதை வைத்து நீங்க பார்க்க முடியணும். நம்பர் தராமல் சாட்டை முடிக்க விடாதீங்க.

ஒவ்வொரு தடவையும் புதுசா புகார் திறப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. அப்படிச் செய்தால் நிறுவனத்தின் பதிவேட்டில் உங்க பிரச்சினை நேத்து தொடங்கியது போலத் தெரியும். முதல் வரியிலேயே "இது 17-ம் தேதி கொடுத்த இந்த நம்பர் புகாரின் தொடர்ச்சி" என்று எழுதுங்க. நம்ம மீனவருக்கு 17-ம் தேதி டிக்கெட்தான் உயிர்நாடி. ரிட்டர்ன் காலத்துக்குள்ளேயே அவர் கேட்டுவிட்டார் என்பதற்கு அதுதான் சாட்சி.

சாட் முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. தேதி, நேரம், டிக்கெட் நம்பர், ஆர்டர் நம்பர் நாலும் தெரியணும். சில ஆப்களில் சாட்டை மூடினால் பேசியது மறைந்துவிடும். அதனால மூடும் முன்னாடியே எடுத்துடுங்க. "வாடிக்கையாளர் இல்லை" என்று பொய்ப் பதிவு வந்தால், அன்றைய நாளுக்கான போன் அழைப்புப் பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. கூரியர்காரரிடம் இருந்து ஒரு அழைப்பும் வரவில்லை என்பதை அது காட்டும்.

"உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?" என்று சாட் கடைசியில் வரும் கேள்விக்கு, பணமோ மாற்றுப் பொருளோ கைக்கு வராமல் ஆமாம் என்று அழுத்தாதீங்க. "உங்கள் ஒப்புதலுடன் முடிக்கப்பட்டது" என்று அது பதிவாகிவிடும். பணத்துக்குப் பதில் கூப்பன் தருகிறோம் என்றாலும் யோசிங்க. ஓலா டாக்சி செயலி பணத்தைத் திருப்பித் தரும்போது கூப்பன் மட்டுமே கொடுத்து வந்த விவகாரத்தில், பணமா கூப்பனா என்று வாடிக்கையாளரே தேர்வு செய்ய வழி கொடுக்கணும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் உத்தரவிட்டது.

முக்கியமான இன்னொன்று: பொருளைக் கழட்டாதீங்க. உள்ளூர் கடையில் கொடுத்துப் பழுது பார்க்கவும் வேண்டாம். குறை இருக்கா இல்லையா என்று தகராறு வந்தால், நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லலாம். பிரித்துப் பார்த்த கருவி அந்தச் சோதனையில் உங்களுக்கு உதவாது. பெட்டி, சீரியல் நம்பர் ஸ்டிக்கர், பில் எல்லாம் பத்திரமா இருக்கட்டும்.

"பணம் அனுப்பிட்டோம்" என்று சொன்னா?

சில நேரம் பிரச்சினை வேற மாதிரி இருக்கும். நிறுவனம் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொல்லும். உங்க கணக்கில் வந்திருக்காது. அப்போ சாட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அந்தப் பரிவர்த்தனையின் எண் என்ன?" கார்டில் கட்டியிருந்தால் ஏ.ஆர்.என் எண், யுபிஐ என்றால் யு.டி.ஆர் எண்.

எண் கொடுத்தால் அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகலாம். பணம் எங்கே நிற்கிறது என்று அவர்களால் தேட முடியும். வங்கி 30 நாளில் தீர்க்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். எண் கொடுக்க மறுத்தால், பெரும்பாலும் பணம் இன்னும் கிளம்பவே இல்லை என்று அர்த்தம். அப்போ வங்கியில் அலைய வேண்டாம், அடுத்த படிக்குப் போங்க.

படி 2: குறைதீர் அதிகாரி — இங்கேதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும்

சாட்டில் உட்கார்ந்திருப்பவருக்குச் சட்டம் எந்தக் கெடுவும் வைக்கவில்லை. குறைதீர் அதிகாரிக்கு வைத்திருக்கிறது. அதே 2020 விதிகளின்படி, இ-காமர்ஸ் நிறுவனம் ஒவ்வொன்றும் ஒரு குறைதீர் அதிகாரியை நியமிக்கணும். அவருடைய பெயர், பதவி, தொடர்பு விவரங்களைத் தளத்தில் வெளியிடணும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் "கிடைத்தது" என்று அவர் ஒப்புக்கொள்ளணும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லணும்.

அவரை எங்கே தேடுவது? ஆப்பை விட, நிறுவனத்தின் இணையதளத்தை பிரவுசரில் திறப்பது சுலபம். பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போய் Grievance Officer அல்லது Grievance Redressal என்ற வார்த்தையைத் தேடுங்க. Contact Us, Terms of Use பக்கங்களுக்குள்ளும் இருக்கலாம். கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடி வரும் நம்பருக்குப் போன் போடாதீங்க. மோசடிக்காரர்கள் போலி நம்பர்களை அங்கே பரப்பி வைத்திருக்கிறார்கள். ஓடிபி கேட்டாலோ, ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலோ உடனே துண்டிச்சுடுங்க. பணம் போயிருந்தால் 1930 சைபர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்க.

அதிகாரியிடம் போனில் பேசுவதை விட இமெயில்தான் நல்லது. எந்தத் தேதியில் கிடைத்தது என்பதுதான் இங்கே விஷயம். மெயில் நீளமா இருக்க வேண்டாம். நம்ம மீனவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"ஆர்டர் நம்பர் இது. ஜூன் 16-ம் தேதி ரூ.16,800 மதிப்புள்ள ஜிபிஎஸ் கருவி கிடைத்தது. சிக்னல் கிடைக்கவில்லை. ஜூன் 17-ம் தேதி, ரிட்டர்ன் காலத்துக்குள், புகார் செய்தேன். டிக்கெட் நம்பர் இது. ஜூன் 20-ம் தேதி எடுத்துச் செல்ல யாரும் வரவில்லை. அழைப்பும் வரவில்லை. ஜூன் 24-ம் தேதி ரிட்டர்ன் மறுக்கப்பட்டது. முழுத் தொகை ரூ.16,800-ஐ, நான் பணம் கட்டிய அதே கணக்குக்குத் திருப்பித் தரவும், கருவியை எடுத்துச் செல்லவும் கேட்கிறேன். விற்பனையாளரின் முழுப் பெயர், முகவரி, தொடர்பு விவரங்களைத் தரவும். பில், சாட் ஸ்கிரீன்ஷாட், வீடியோ இணைத்துள்ளேன்."

இதில் மூணு விஷயத்தைக் கவனிங்க. முதலாவது, கோரிக்கை ஒன்றே ஒன்று. "பணம் தாங்க, இல்லேன்னா மாத்திக் கொடுங்க, இல்லேன்னா ரிப்பேர் பண்ணுங்க" என்று எழுதினால் அவர்களுக்கு எது மலிவோ அதைச் செய்துவிட்டு புகாரை முடித்துவிடுவார்கள்.

இரண்டாவது, நடந்தது தேதி வாரியாக இருக்கு. திட்டு, மிரட்டல் எதுவும் இல்லை. ஆறு மாதம் கழித்து இதே மெயிலை ஆணைய உறுப்பினர் படிக்கப் போகிறார் என்பதை நினைவில் வைத்து எழுதணும்.

மூணாவது, விற்பனையாளர் முகவரி. இதைப் பலரும் கேட்பதில்லை. வழக்கு என்று வந்தால் நோட்டீஸ் போக முகவரி வேணும். வாங்கிய பிறகு வாடிக்கையாளர் எழுத்தில் கேட்டால், விற்பனையாளரின் விவரங்களைத் தளம் கொடுக்கணும் என்பது விதி.

ஒருவேளை தளத்தில் குறைதீர் அதிகாரி விவரமே இல்லை என்றால்? அந்தப் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அதிகாரியை அறிவிக்காததே விதிமீறல். பில்லில் இருக்கும் நிறுவன முகவரிக்கு இதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் "டெலிவரி ஆனது" என்ற ட்ராக்கிங் பக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்க.

"உங்கள் பின்கோடுக்கு ரிட்டர்ன் எடுக்கும் வசதி இல்லை, நீங்களே அனுப்புங்க" என்று பதில் வரலாம். எந்த முகவரிக்கு அனுப்பணும், கூரியர் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு மட்டும் அனுப்புங்க. அதற்கு முன் கருவியையும் சீரியல் நம்பரையும் வீடியோ எடுத்துக்கொள்வது அவசியம். பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ அதைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று விதிகள் சொல்கின்றன. அதனால் "நாங்க ரிட்டர்ன் எடுக்குறதில்லை" என்ற அவர்களுடைய சொந்தக் கொள்கை, குறையுள்ள பொருளுக்குச் செல்லாது.

படி 3: 1915 — கட்டாயம் இல்லை, ஆனால் பலன் உண்டு

ஜூன் 25-ல் மெயில் போனது. 48 மணி நேரத்தில் ஒரு தானியங்கிப் பதில் வந்தது. ஜூலை 25 வரை தீர்வு இல்லை. இப்போ மீனவர் கையில் கெடு தவறியதற்கான ஆதாரம் இருக்கு.

அடுத்தது மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி மையம். 1915 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். consumerhelpline.gov.in தளத்திலும், 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது. ஆர்டர் நம்பர், பில், குறைதீர் அதிகாரிக்கு அனுப்பிய மெயில் இருந்தால் போதும். அவர்கள் ஒரு டாக்கெட் நம்பர் கொடுத்து, புகாரை நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். சாட்டில் அசையாத பல நிறுவனங்கள் இங்கே அசையும். காரணம், இந்தப் புகார்களை அரசு எண்ணிக்கொண்டிருக்கிறது.

யாத்ரா டிராவல் தளத்தின் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். கொரோனா ஊரடங்கில் ரத்தான விமான டிக்கெட் பணம் திரும்ப வரவில்லை என்று உதவி மையத்தில் புகார்கள் குவிந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தானாக முன்வந்து விசாரணையை எடுத்தது. 2021-ல் 36,276 புக்கிங்குகளுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி இருந்தது. 2024 ஜூனில் அது 4,837 புக்கிங், சுமார் இரண்டரை கோடி ரூபாயாகக் குறைந்தது. மீதியையும் கொடுக்கணும் என்று ஆணையம் உத்தரவு போட்டது. பாக்கி இருப்பவர்களை அழைத்துச் சொல்ல, உதவி மையத்தில் ஐந்து பேரை நியமிக்கவும் சொன்னது.

ஆனால் இந்தப் படிக்கு ஒரு எல்லை உண்டு. 1915 என்பது சமரச முயற்சிதான். நிறுவனம் முடியாது என்றால் அவர்களால் உத்தரவு போட முடியாது. "நிறுவனத்தின் பதில்" என்று ஒரு வரியைப் போட்டு புகார் மூடப்படலாம். அந்தப் பதிலையும் சேமித்து வைங்க. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் முன் 1915-க்குப் போயே ஆகணும் என்ற கட்டாயமும் இல்லை.

வக்கீல் நோட்டீஸும் அப்படித்தான். 2019 சட்டத்தில் கட்டாயம் இல்லை. அனுப்பினால், "15 நாளில் பணம் வராவிட்டால் வழக்கு" என்று நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பலாம்.

படி 4: ராமநாதபுரத்திலேயே வழக்கு போடலாம்

"கம்பெனி பெங்களூருல இருக்கு, விற்றவன் டெல்லில இருக்கான். நான் எங்கே போய் கேஸ் போடுறது?" பலரும் இங்கேதான் கைவிடுகிறார்கள். பழைய 1986 சட்டத்தில் எதிர்தரப்பு இருக்கும் இடம், அல்லது பிரச்சினை உருவான இடம்தான் கணக்கு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை மாத்தியது. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே, அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்கு போடலாம். பாம்பன்காரருக்கு ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். முன்பு நுகர்வோர் மன்றம் என்றும், பேச்சில் கன்ஸ்யூமர் கோர்ட் என்றும் சொல்வது இதைத்தான்.

நீங்க கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைக்கணும் என்றும் இல்லை, நீங்களே வாதாடலாம். பிரச்சினை உருவான நாளில் இருந்து 2 வருஷத்துக்குள் போடணும். சாட்டிலும் 1915-லும் காத்திருந்த நாட்களுக்காக அந்தக் கெடு நிற்காது.

நேரில் கொடுக்கலாம், அல்லது e-jagriti.gov.in தளத்தில் ஆன்லைனில் பதிவு செய்யலாம். 2025 ஜனவரியில் வந்த தளம் இது, முன்பு இருந்த இ-தாகில் வசதியின் இடத்தில் வந்தது. மொபைல், இமெயில் கொடுத்து கணக்கு தொடங்கி, ஆவணங்களை பிடிஎஃப் ஆக ஏற்றணும். சரிபார்ப்பில் குறை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். திருத்திக் கொடுக்கலாம்.

தேவையான ஆவணங்கள் இவை:

- புகார் மனு: யார் மீது, என்ன நடந்தது, என்ன நிவாரணம்
- தேதி வாரியான நிகழ்வுப் பட்டியல்
- மனுவில் சொன்னது உண்மை என்று பிரமாணப் பத்திரம்
- பில், பணம் கட்டிய ஆதாரம், பொருள் விளம்பரப் பக்கத்தின் நகல்
- சாட், குறைதீர் அதிகாரி மெயில், 1915 பதில் ஆகியவற்றின் நகல்கள்
- ஆதார் போன்ற முகவரிச் சான்று

பார்த்தீங்கன்னா, இதில் முக்கால்வாசி முந்தைய மூணு படிகளில் சேர்ந்தவை. அந்த ஜூன் 25 மெயிலைக் கொஞ்சம் விரித்தாலே மனு தயார்.

எதிர்தரப்பாக விற்பனையாளர், ஆன்லைன் தளம் ரெண்டு பேரையும் சேருங்க. "நாங்க வெறும் இடைத்தரகர்" என்று தளம் சொல்வது வழக்கம். மும்பையில் ஊபர் டாக்சி தாமதத்தால் சென்னை விமானத்தைத் தவறவிட்ட ஒருவர் தொடர்ந்த வழக்கிலும் அந்த நிறுவனம் இதே வாதத்தை வைத்தது. 2022-ல் தானே மாவட்ட நுகர்வோர் ஆணையம் அதை ஏற்கவில்லை. மன உளைச்சலுக்கு 10,000, வழக்குச் செலவுக்கு 10,000 என்று ரூ.20,000 கொடுக்கச் சொன்னது. எல்லா வழக்கிலும் தளமே பொறுப்பு என்று தீர்ப்பு வந்துவிடாது. ஆனால் ஒருவரை விட்டுவிட்டால், இருப்பவர் பழியை இல்லாதவர் மேல் போட்டுவிட்டுத் தப்பலாம்.

"இது தொழிலுக்கு வாங்கியதுதானே?" — மீனவர்கள் கவனிக்க

இந்த வழக்கில் எதிர்தரப்பு எடுக்கக்கூடிய பெரிய ஆட்சேபணை இதுதான். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் இல்லை. ஜிபிஎஸ்ஸை மீன்பிடிக்கத்தானே வாங்கினீங்க என்பார்கள்.

சட்டத்திலேயே இதற்கு விலக்கு இருக்கு. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கி, தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. கோவை பி.எஸ்.ஜி நிறுவனம் எதிர்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினீயரிங் வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர்தான் என்றது. உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்றும் சொன்னது. ஆனால் பெரிய அளவில் லாப நோக்கத்தோடு நடத்தும் தொழிலுக்கு வாங்கினால் இந்த விலக்கு இல்லை.

ஆகவே தானே கடலுக்குப் போய், கூட ஒருத்தரை அழைத்துப் போகும் ஃபைபர் படகுக்காரர் தைரியமா வரலாம். பல விசைப்படகு வைத்து, ஆள் போட்டுத் தொழில் நடத்துபவருக்கு இது சிக்கல். எதுவானாலும், "இந்தக் கருவியை என் சொந்தப் படகில், நானே தொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கினேன்" என்ற வரி மனுவில் கண்டிப்பா இருக்கணும். மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவு நகலையும் சேருங்க. அந்த வரி இல்லாமல் போனால் நல்ல வழக்கும் முதல் படியிலேயே தடுமாறும். ராமேசுவரத்தில் சொந்த ஆட்டோ ஓட்டுபவருக்கும், தானே தைத்துப் பிழைக்கும் தையல்காரருக்கும் இதே கணக்குதான்.

வழக்கு போட்ட பிறகு என்ன நடக்கும்?

மனு ஏற்கப்பட்டதும் எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போகும். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள் கொடுக்கலாம். அந்த 45 நாளுக்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. வராவிட்டால் ஒருதரப்பாக விசாரணை நடக்கும். காணொலி வழியா ஆஜராக அனுமதி கேட்கலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராமேசுவரத்தில் இருந்து 55 கிலோமீட்டர் பஸ் ஏற வேண்டிய அவசியம் வராமல் போகலாம்.

நோட்டீஸ் கிடைத்த 3 மாதத்துக்குள், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்துக்குள், முடிக்க முயற்சிக்கணும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இதை விட அதிகமா ஆகலாம். அதைத் தெரிந்தே இறங்கணும்.

எவ்வளவு கேட்பது? பொருளின் விலை, வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று தனித்தனியா கேளுங்க. கடலுக்குப் போகாத நாட்களின் வருமான இழப்பையும் கேட்கலாம். ஆனால் அதற்குத் தனி ஆதாரம் வேணும். முந்தைய மாதங்களில் மீன் விற்ற சீட்டு இல்லாமல் "தினம் 5,000 நஷ்டம்" என்று எழுதினால் ஏற்கப்படுவது கஷ்டம். 16,800 ரூபாய் கருவிக்கு 10 லட்சம் கேட்டாலும் மனுவின் மதிப்பு உயராது. கேட்ட தொகைக்கும் கிடைக்கும் தொகைக்கும் தூரம்தான் அதிகமாகும்.

சிறு தொகை என்று யாரும் தள்ளிவிடுவதில்லை. பார்சல் சாப்பாட்டில் ஊறுகாய் வைக்காத ஓட்டலுக்கு எதிராக விழுப்புரத்தில் நடந்த வழக்கை நினைவிருக்கலாம். தலா ரூ.80 வீதம் 25 சாப்பாடு வாங்கியவருக்கு ரூ.35,000 கொடுக்க 2024-ல் மாவட்ட ஆணையம் உத்தரவிட்டது. அந்த வழக்கிலும் பில் ஒரு முக்கியப் பிரச்சினையா இருந்தது. முறையான ரசீது கொடுக்கணும் என்பதையும் சேர்த்தே ஆணையம் சொன்னது.

உங்க பக்கம் உத்தரவு வந்தால் நிறுவனம் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதன் தலைமை சென்னையில், ஒரு அமர்வு மதுரையில் இருக்கு. ஆனால் கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிய பிறகுதான் மேல்முறையீட்டை எடுப்பார்கள். மேல்முறையீடும் செய்யாமல், பணமும் தராமல் இருந்தால், உத்தரவை நிறைவேற்றக் கோரி அதே ஆணையத்தில் மனு போடலாம். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.25,000-க்குக் குறையாத அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

சுருக்கமா...

சாட்டில் இருந்து டிக்கெட் நம்பரையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துக்கோங்க. ஒரு வாரம் அசையவில்லை என்றால் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்க. 48 மணி நேரம், ஒரு மாதம் என்ற ரெண்டு கெடுவையும் காலண்டரில் குறிச்சு வைங்க. தவறினால் 1915. அங்கேயும் முடியவில்லை என்றால், பொருள் கைக்கு வந்த நாளில் இருந்து 2 வருஷம் முடியும் முன், மொத்தக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் ஆணையத்தின் கதவைத் தட்டலாம். இன்னைக்கு சாட்டில் ஒரு புகார் கிடப்பில் இருந்தால், முதல் வேலை அந்த சாட்டைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. நாளைக்கு அது அங்கே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.